கல் ஏற்றிப் பார்த்தால் தெரியும்: சின்ன வள்ளம் எப்போது முங்கும்?

புதிதாக ஒரு சின்னப் படகு வாங்கியவர்கள் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: இது எத்தனை பேரைத் தாங்கும்? விற்றவர் "அஞ்சு பேரு தாராளமா போலாம்" என்பார். அந்த அஞ்சு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பதில் இருக்காது. எனக்கு 12 வயதில் இதே கேள்வி வந்தது, பதில் சொல்ல யாருக்கும் நேரம் இல்லை, அதனால் எங்கள் ஊர்க் காயலில் அப்பாவின் பழைய வள்ளத்தில் கல்லை ஏற்றி நானே முக்கிப் பார்த்தேன். அந்தக் கதையையும், அதே சோதனையை நீங்கள் ஒழுங்காகச் செய்யும் வழியையும் சேர்த்தே எழுதுகிறேன், ஏனென்றால் நான் செய்த தப்புகள்தான் இதில் பாதிப் பாடம்.

ஊர் குமரி மாவட்டத்துக் கடற்கரை. அப்பா கடலுக்குப் போவது பெரிய வள்ளத்தில். காயலில் வலை போடவும் அக்கரைக்குப் போய்வரவும் ஒரு குட்டி மர வள்ளம் கிடந்தது. நீளம் ஏறக்குறைய 4 மீட்டர், நடுவில் அகலம் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் மேல், அடிப்பலகையிலிருந்து விளிம்பு வரை 40 செ.மீ. ஒருநாள் வலையும் மீனும் மூன்று ஆட்களுமாக அது வந்தபோது விளிம்பு தண்ணீரை உரசுவதுபோல இருந்தது. "அப்பா, இன்னும் எவ்வளவு ஏத்தினா முங்கும்?" என்று கேட்டேன். "முங்கும்போ தெரியும் மக்கா" என்றார். அவ்வளவுதான் கிடைத்த பதில்.

கடல் அரிப்பைத் தடுக்கத் தூண்டில் வளைவு கட்டியபோது மிஞ்சிய கருங்கல் சில்லுகள் கரையில் குவிந்து கிடந்தன. பள்ளி விடுமுறை. தங்கச்சி எண்ணுவதற்கு, நான் சுமப்பதற்கு.

இடத்தைத் தேர்வதுதான் முதல் வேலை, இதில் மட்டும் அவசரப்படாதீர்கள். தண்ணீர் ஓடாத, அலை இல்லாத, அடியில் மணலாக இருக்கிற இடம் வேண்டும். ஆழம் 60 முதல் 70 செ.மீ. இருந்தால் சரி, அதாவது பெரியவர் ஒருவருக்குத் தொடை அளவு. இதைவிடக் குறைந்தால் படகு முங்குவதற்கு முன்னமே அடி தட்டிவிடும், கல்லை ஏற்றிக்கொண்டே இருப்பீர்கள், அளவு மாறாது, "என் படகு எவ்வளவு வேண்டுமானாலும் தாங்கும்" என்று ஒரு பொய்யான முடிவுக்கு வருவீர்கள். ரொம்ப ஆழத்தில் செய்தால் முங்கிய படகை எடுக்க ஊரைக் கூப்பிட வேண்டியிருக்கும். தொடை ஆழத்தில் முழுக்க முங்கினாலும் விளிம்பு தண்ணீருக்கு ஒரு சாண் கீழேதான் இருக்கும், குனிந்து கல்லை எடுத்துவிடலாம்.

சோதனை நடக்கும்போது படகுக்குள் யாரும் இருக்கக்கூடாது. எஞ்சின் இருந்தால் கழற்றிக் கரையில் வையுங்கள். முன்னும் பின்னும் கயிறு கட்டி, ஒரு ஆளாவது கரையில் நிற்க வேண்டும். பிள்ளைகள் செய்வதாக இருந்தால் நீச்சல் தெரிந்த பெரியவர் கூடவே இருக்கட்டும். நான் தங்கச்சியை மட்டும் வைத்துக்கொண்டு செய்தேன். அது தப்பு, அதற்கு வாங்கிய அடி தனிக்கதை.

அடுத்தது எடை. கற்களைக் கண்ணால் பார்த்து "ஒரே அளவு" என்று ஏற்றக்கூடாது. மீன் ஏலம் விடும் இடத்துத் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்து, 5 கிலோவுக்கு முன்னே பின்னே வருகிறதாகப் பொறுக்கிக்கொண்டேன். குறைந்தால் ஒரு சில்லைச் சேர்த்துச் சாக்குத் துண்டில் கட்டினேன். ஒரு காலைப் பொழுது இதற்கே போனது. நீங்கள் இவ்வளவு கஷ்டப்பட வேண்டாம். 20 லிட்டர் தண்ணீர்க் கேன் நிரப்பினால் 20 கிலோ, கேனின் எடை ஒரு கிலோ அளவுக்குக் கூடும், அவ்வளவுதான். கேனில் இன்னொரு நன்மையும் உண்டு. படகு முங்கினால் தண்ணீர் நிறைந்த கேன் தண்ணீருக்குள் எடையே இல்லாததுபோல ஆகிவிடும், படகை அடியோடு அழுத்தி வைக்காது. கல் அப்படி இல்லை. மர வள்ளத்தில் வெறும் தண்ணீர் மட்டும் நிறைந்தால், மரம் மிதக்கிறதால் விளிம்பளவு தண்ணீரோடு அது மிதந்துகொண்டுதான் நிற்கும். உள்ளே கல்லும் இருந்தால் நேராகத் தரைக்குப் போய்விடும். ஃபைபர் படகு இன்னும் மோசம், ஃபைபர் தண்ணீரைவிடக் கனமானது, உள்ளே காற்றறையோ நுரைக்கட்டியோ வைத்திருக்காவிட்டால் தண்ணீர் நிறைந்த உடனே அடிக்குப் போகும்.

கல்லையே ஏற்றுவதாக இருந்தால் அடிப்பலகைக்கு மேல் பழைய சாக்கை இரண்டு மடிப்பாக விரித்துவிடுங்கள். நான் விரிக்கவில்லை. ஒரு கல் கை நழுவி விழுந்ததில் பலகை இணைப்பில் கசிவு வந்துவிட்டது.

இப்போது அளவு. தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று வெளியே பார்ப்பதைவிட, விளிம்பிலிருந்து தண்ணீர் வரை எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அளப்பதுதான் வசதி. பள்ளிக்கூட ஸ்கேல் போதும். நடுவில் இடப்பக்கம், வலப்பக்கம், அப்புறம் முன்பக்கமான அணியத்திலும் பின்பக்கத்திலும், ஆக நாலு இடம். இடமும் வலமும் வேறுபட்டால் படகு சாய்ந்திருக்கிறது, கல்லை நகர்த்துங்கள். முன்னும் பின்னும் நடுவைவிட இயல்பாகவே உயர்ந்திருக்கும். தொடக்கத்தில் இருந்த வித்தியாசம் மாறாமல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அளப்பதற்கு முன் உள்ளே கிடக்கிற தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் இறைத்துவிடுங்கள். அடியில் ஒரு செ.மீ. தண்ணீர் நின்றாலே இந்த மாதிரி வள்ளத்தில் 20 கிலோ, அது உங்கள் கணக்கில் வராத நாலு கல்.

என் வள்ளம் வெறுமையாக நின்றபோது நடுவில் 34 செ.மீ. மிச்சம் இருந்தது. 20 கல் ஏற்றியதும் 29. நாற்பதில் 25. அறுபதில் 21, எண்பதில் 17, நூறில் 13. அப்புறம் நூற்று இருபதில் ஒன்பதரை, நூற்று நாற்பதில் 6. தங்கச்சி நோட்டில் எழுதிய எண்கள் இவை, கையெழுத்து கேவலமாக இருக்கும்.

இதில் ஒரு விஷயம் கவனியுங்கள். முதல் 20 கல் 5 செ.மீ. இறக்கியது, கடைசி 20 கல் மூன்றரைதான் இறக்கியது. கல் லேசாகிவிடவில்லை. வள்ளத்தின் பக்கங்கள் மேலே போகப்போக வெளியே விரிகின்றன, அதனால் ஒவ்வொரு செ.மீ. இறங்கும்போதும் அது தள்ளுகிற தண்ணீர் கூடிக்கொண்டே போகிறது. படகு மிதப்பதன் கணக்கு இவ்வளவுதான்: படகும் சரக்கும் சேர்ந்து எத்தனை கிலோவோ அத்தனை கிலோ தண்ணீரைத் தள்ளும் வரை இறங்கும், அப்புறம் நிற்கும். ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் ஒரு கிலோ. கடல் தண்ணீர் இரண்டரை சதவீதம் கூடுதல் கனம், அதனால் கடலில் ஒரு துளி மேலே மிதக்கும், சின்னப் படகுக்கு அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

கல் சுமக்க முடியாதவர்களுக்கு ஒரு குறுக்குக் கணக்கு உண்டு. தண்ணீர் தொடுகிற இடத்தில் படகின் நீளத்தையும் அகலத்தையும் மீட்டரில் அளந்து பெருக்குங்கள், இரண்டு பக்கமும் கூராகக் குறுகுவதற்காக 0.7 ஆல் பெருக்குங்கள், பிறகு 10 ஆல் பெருக்குங்கள். வருவது, ஒரு செ.மீ. இறங்க எத்தனை கிலோ வேண்டும் என்பது. என் வள்ளத்துக்கு 3.6 × 1 × 0.7 × 10, அதாவது சுமார் 25 கிலோ. ஐந்து கல்லுக்கு ஒரு செ.மீ. நோட்டோடு ஒத்துப்போகிறது பாருங்கள், 20 கல்லுக்கு 4 செ.மீ. பின்பக்கம் வெட்டிவிட்டதுபோலச் சப்பையாக இருக்கும் படகுக்கு 0.7 போதாது, 0.8 போடலாம். கணக்கும் கல்லும் மோதினால் கல்லை நம்புங்கள்.

சரி, 140 கல் ஏறிவிட்டது, மிச்சம் 6 செ.மீ. எனக்கு அப்போது குறுக்குக் கணக்கு தெரியாது, ஆனால் நோட்டைப் பார்த்தே இன்னும் 30, 35 கல் தாங்கும் என்று தெரிந்தது. 175 என்று தங்கச்சியிடம் பந்தயம் கட்டினேன், கடலைமிட்டாய்க்கு.

141ஆவது கல்லைக் கையில் வைத்துக்கொண்டு விளிம்பில் வயிற்றைச் சாய்த்து உள்ளே எட்டினேன். அதே நேரத்தில் எஞ்சின் வள்ளம் ஒன்று காயலின் நடுவே போனது, தூரத்தில்தான், அது கிளப்பிய அலை எங்களிடம் வரும்போது நாலு விரல் உயரம்கூட இல்லை. விளிம்பைத் தாண்டி ஒரு நாக்கு மாதிரி தண்ணீர் உள்ளே வழிந்தது. அவ்வளவுதான் என்று நினைத்தேன். வழிந்த தண்ணீர் நான் சாய்ந்திருந்த பக்கமே ஓடிச் சேர்ந்தது, அந்தப் பக்கம் இன்னும் தாழ்ந்தது, தாழ்ந்ததும் இன்னும் தண்ணீர் வந்தது. நான் கல்லைக் கீழே போடுவதற்குள் வள்ளம் மணலில் உட்கார்ந்துவிட்டது. சத்தமே இல்லை, சில குமிழிகள் மட்டும்.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதுதான். படகு முங்குவது விளிம்பு தண்ணீர் மட்டத்துக்கு வரும்போது அல்ல. சாய்வு கொஞ்சம், அலை கொஞ்சம், இரண்டும் சேர்ந்து மிச்ச உயரத்தை எட்டும்போது. என் எடையில் வள்ளம் மூன்று டிகிரி சாய்ந்திருந்தால்கூட அந்தப் பக்க விளிம்பு இரண்டரை செ.மீ. இறங்கியிருக்கும், அலை மீதியைப் பார்த்துக்கொண்டது. உள்ளே வந்த தண்ணீர் தாழ்ந்த பக்கத்துக்கே ஓடுகிறதால் அது எடை மட்டும் அல்ல, சாய்க்கிற ஆளும்கூட. அதனால்தான் முங்குவது மெதுவாகத் தொடங்கி ஒரே மூச்சில் முடிந்துவிடுகிறது.

இரண்டாவது சோதனை இதைவிட முக்கியம், பலரும் செய்யாமல் விடுவதும் இதைத்தான். கற்களை எடுத்து, வள்ளத்தைக் கரைப்பக்கமாகச் சாய்த்துத் தண்ணீரைக் கொட்டி, மீதியை இறைத்துவிட்டு, மறுநாள் வேறு மாதிரி ஏற்றினேன். அடியில் அல்ல, குறுக்குப் பலகைகளின் மேல் ஒரு பழைய கதவைப் போட்டு, அதன்மேல். காரணம் அறிவியல் எல்லாம் இல்லை, அடியில் குனிந்து குனிந்து முதுகு வலித்தது.

எண்பது கல் தொடுவதற்கு முன்பே கதை முடிந்தது. நோட்டுப்படி விளிம்பு மிச்சம் 17 செ.மீ., முதல் நாள் அந்த இடத்தில் வள்ளம் அசையாமல் நின்றது. இன்று லேசாகச் சாய்ந்தது, சாய்ந்தபடியே கொஞ்சம் யோசித்தது, திரும்பி வரவில்லை. கல் சரிந்தது, கதவு சரிந்தது, வள்ளம் அப்படியே ஒருக்களித்துக் கவிழ்ந்தது. முங்கவில்லை, கவிழ்ந்தது. எடை முதல் நாள் முங்கியபோது இருந்ததில் பாதியளவுதான் இருக்கும்.

முதல் நாள் எண்பது கல்லில் அசையாமல் நின்ற அதே எடை, அதே வள்ளம். மாறியது உயரம் மட்டும். அடியில் கிடக்கும் சரக்கு, வள்ளம் சாயும்போது அதை நிமிர்த்துகிறது. மேலே ஏறிய சரக்கு சாய்வுக்குத் துணை போகிறது. கடலுக்குப் போகிறவர்கள் நனைந்த வலையைக் குவியலாக உயர்த்தாமல் பரப்பிப் போடச் சொல்வதும், "நிக்காத, இரி" என்று அதட்டுவதும் இதனால்தான். நிற்கிற ஆளின் எடை மையம் அடிப்பலகைக்கு மேல் சுமார் 90 செ.மீ. உயரத்தில் இருக்கிறது, இடுப்புக்குப் பக்கத்தில். அடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் அது முப்பதுக்குள் வந்துவிடும்.

கவிழ்க்காமலே இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. சரக்கு ஏற்றியதும் விளிம்பைக் கையால் ஒரு அழுத்து அழுத்தி விடுங்கள். வள்ளம் வெடுக்கென்று திரும்பி, இரண்டு மூன்று தடவை ஆடி நின்றால் நல்லது. சோம்பலாக, நேரம் எடுத்துத் திரும்பினால் மேல்பாரம் கூடிவிட்டது, இறக்குங்கள். மெதுவாக ஆடுகிற படகில் உட்கார்ந்திருக்க சுகமாக இருக்கும், புதியவர்கள் அதை "ஸ்டெடி" என்று நினைத்துக்கொள்வார்கள். உண்மை நேர் எதிர். சுவீடனில் வாசா என்ற போர்க்கப்பலைக் கட்டியபோது, 30 ஆட்களை மேல்தளத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடவிட்டு இதே சோதனையைச் செய்தார்கள். ஆட்டம் பயங்கரமாக இருந்ததால் மூன்று ஓட்டத்தோடு நிறுத்திவிட்டார்கள், ஆனால் கப்பலை நிறுத்தவில்லை. 1628 ஆகஸ்ட் 10ஆம் தேதி முதல் பயணத்திலேயே, துறைமுகத்தை விட்டு ஒன்றரைக் கிலோமீட்டர்கூடப் போகாமல் அது கவிழ்ந்து முங்கியது.

கல்லுக்கும் மனிதனுக்கும் இன்னொரு வித்தியாசம், கல் வைத்த இடத்தில் இருக்கும். மனிதன் மீன் துள்ளினால் எழுந்து பார்ப்பான். 2009 செப்டம்பர் 30ஆம் தேதி தேக்கடி ஏரியில் கவிழ்ந்த படகில் 45 பேர் இறந்தார்கள். கரையில் விலங்குகளைப் பார்க்கப் பலரும் ஒரே பக்கம் நகர்ந்ததுதான் அன்று பெரிதாகப் பேசப்பட்டது. அதனால் கல்லில் கிடைத்த எண்ணை அப்படியே ஆளாக மாற்றி, 700 கிலோ தாங்கும், ஆளுக்கு 70, ஆகவே பத்துப் பேர் என்று போடாதீர்கள்.

அப்படியானால் எவ்வளவுதான் ஏற்றலாம்? என் வழக்கம் இது. காயல், ஏரி மாதிரி இடத்தில் நடு விளிம்பில் 20 செ.மீ. மிச்சம் இருக்கும் வரைதான் ஏற்றுவேன், அதுவும் சரக்கு அடியில் இருந்தால். நோட்டைப் பார்த்தால் 60 கல்லில் 21, இன்னும் ஐந்து ஏற்றினால் 20. ஆக 65 கல், 325 கிலோ. ஆட்கள் என்றால் அந்த 325ஐயும் ஆளாக நிரப்பமாட்டேன், மூன்று பேர், எல்லோரும் தாழ உட்கார்ந்து, மீதி வலைக்கும் துடுப்புக்கும் உள்ளே தெறிக்கிற தண்ணீருக்கும். நாலாவது ஆள் வந்தால் இரண்டு நடை. எஞ்சின் மாட்டினால் அதன் எடையோடு, அது பின்பக்கத்தை மட்டும் தாழ்த்தும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள், அப்போது நடு விளிம்பை அல்ல, பின்பக்க விளிம்பைத்தான் அளக்க வேண்டும். அலை அடிக்கும் கடலுக்கு இந்த 20 செ.மீ. கணக்கே செல்லாது, இந்த அளவு வள்ளத்தை நான் காயல் கடலில் சேரும் பொழியைத் தாண்டி எடுத்துப் போவதே இல்லை.

இரண்டாம் நாள் மாலை அப்பா வந்து பார்த்தபோது வள்ளம் கவிழ்ந்து கிடந்தது, பாட்டா செய்து வைத்திருந்த கதவு காயலில் மிதந்து போயிருந்தது. விழுந்த அடியைப் பற்றி முன்னமே சொல்லிவிட்டேன். ஆனால் இரவு சாப்பிட்டுவிட்டு அந்த நோட்டைக் கேட்டார். ரொம்ப நேரம் பார்த்தார். "இந்த இருபதுல கோடு போடுலே" என்றார்.

மறுநாள் நடு விளிம்பிலிருந்து 20 செ.மீ. கீழே, இரண்டு பக்கமும், ஆணியால் கீறி அதன்மேல் சிவப்புப் பெயின்ட் அடித்தோம். நீங்களும் கோடு போடும்போது முதலில் கீறுங்கள், பெயின்ட் மட்டும் என்றால் ஒரு மழைக்காலத்தில் உரிந்துவிடும். கோடு தண்ணீருக்கு மேலே தெரிகிற வரை ஏற்றலாம், மறைந்தால் இறக்க வேண்டும், யாரும் கணக்குப் போட வேண்டியதில்லை.

வருடத்துக்கு ஒருமுறை வெறும் படகை மிதக்கவிட்டு மிச்ச உயரத்தைத் திரும்ப அளந்துகொள்ளுங்கள். மர வள்ளம் தண்ணீர் குடிக்கும், ஒட்டுப்போட்ட பலகையும் பூசின தாரும் எடை கூட்டும். எங்கள் வள்ளம் அடுத்த வருடம் 34க்குப் பதில் 33 காட்டியது. ஒரு செ.மீ.தான், ஆனால் 25 கிலோ, வலைக்கு ஒதுக்கி வைத்திருந்ததில் பாதி.